தரகர் சொல்லும் வாடகையும் சித்தப்பாவின் பங்கும்: கிராஸ் யீல்டு ஓர் எளிய விளக்கம்

கும்பகோணத்தில் வீடு காட்டும் தரகர் விலையைச் சொன்ன கையோடு வாடகையையும் சொல்லிவிடுவார். "நாப்பத்திரண்டு சொல்றாங்க. கீழ ஒன்பது, மேல ஏழு. மாசம் பதினாறு ரூபா நிக்காம வருது சார்." பதினாறு ரூபாய் என்றால் பதினாறாயிரம். இந்த இரண்டு எண்களையும் வைத்துப் போடும் கணக்குதான் கிராஸ் ரெண்டல் யீல்டு.

```
கிராஸ் யீல்டு = (ஆண்டு வாடகை ÷ வீட்டின் விலை) × 100
```

தாராசுரம் பக்கம் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். மாதம் 16,000 என்றால் ஆண்டுக்கு 1,92,000. விலை 42 லட்சம். வகுத்தால் 4.57 சதவீதம். இந்தியாவில் குடியிருப்பு வீடுகளுக்குப் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் என்று சொல்வார்கள். அதை வைத்துப் பார்த்தால் இது நல்ல எண்தான்.

ஆனால் இது கண்டுமுதல் மாதிரி. களத்தில் தூற்றி அளந்தபோது இத்தனை மூட்டை என்று சொல்வதற்கும், அறுப்புக் கூலி, மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி எல்லாம் போக வீட்டுக்கு வந்தது இத்தனை என்று சொல்வதற்கும் உள்ள தூரம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராஸ் யீல்டில் செலவு எதுவும் கழிக்கப்படவில்லை. வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களும் அதில் தெரியாது.

அப்படியானால் இந்த எண் எதற்கு? ஒரு வீட்டையும் இன்னொரு வீட்டையும் ஒப்பிட. ஒரே நாளில் ஐந்து வீடு பார்த்தால், எதற்கு மேற்கொண்டு மெனக்கெடலாம், எதை விட்டுவிடலாம் என்று அரை நிமிடத்தில் பிரிக்க இது போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் பழுது, வரி, காலி மாதம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. கிராஸ் யீல்டின் வேலை அதோடு முடிந்தது. பணம் போடப்போகிற சொந்தக்காரரிடம் "உங்களுக்கு இவ்வளவு கிடைக்கும்" என்று சொல்வதற்கான எண் இது இல்லை. பெரும்பாலான மனக்கசப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நம் கணக்கில் சித்தப்பா ஒருவரைச் சேர்ப்போம். நான்குவழிச் சாலைக்கு நிலம் போய், இழப்பீட்டுப் பணம் அவர் கையில் இருக்கிறது. அதில் 16 லட்சத்தை இந்த வீட்டில் போடத் தயார். அண்ணன் மகன் மீதியைப் போட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்வான். அவன் ஆர்வத்தில், "நாலரை பர்சென்ட்டுக்கு மேல வருது சித்தப்பா" என்று சொல்லிவிட்டான் என்று வையுங்கள். சித்தப்பா மனதில் உடனே கணக்கு ஓடும்: 16 லட்சத்துக்கு 4.57 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 73,000, மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். மருந்து மாத்திரைக்கு ஆச்சு என்று சித்தியிடமும் சொல்லிவிடுவார். இந்த ஆறாயிரம் அவருக்கு எந்த மாதமும் வரப்போவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வகுக்கும் எண்ணே தப்பு. 42 லட்சம் என்பது வீட்டை விற்பவர் கைக்குப் போகும் பணம். நம் கையிலிருந்து போவது அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 3,78,000. தரகர் கமிஷன், பத்திர எழுத்தர், வக்கீலிடம் பத்திரம் காட்டிக் கருத்து கேட்டது எல்லாம் சேர்த்து 60,000 என்று வைப்போம். வீட்டை வாங்கியதும் பழைய வயரிங்கை மாற்றி, மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, மொட்டைமாடிக்கு ஓடு பதித்து, வெள்ளையடித்ததில் 1,62,000. மொத்தம் 6 லட்சம். ஆக உண்மையான முதல் 48 லட்சம். அதே வாடகையை 48-ஆல் வகுத்தால் சரியாக 4 சதவீதம். ஒரு செங்கல்லும் நகரவில்லை, வாடகையும் குறையவில்லை. ஆனாலும் அரை சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

பத்திரத்தைக் குறைந்த மதிப்புக்குப் போட்டு இதில் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். பங்காளியோடு சேர்ந்து வாங்கும்போது அது இரட்டிப்பு ஆபத்து. சித்தப்பா கொடுத்த 16 லட்சத்தில் ஒரு பகுதி காகிதத்திலேயே இல்லாமல் போய்விடும்.

அடுத்தது வருடச் செலவு. இரண்டு போர்ஷனும் ஆண்டுக்கு ஒரு மாதமாவது காலியாக இருக்கும் என்று வைத்தால் 16,000 போகும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு விட்டிருந்தால் பரீட்சை முடிந்து அவர்கள் கிளம்பும் கோடை மாதங்கள் வெறுமையாகப் போவது வழக்கம்; குடும்பத்துக்கு விட்டால் அவ்வளவு இருக்காது. சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 8,000. 2022-இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்கள், அதனால் விற்பவர் காட்டும் பழைய ரசீதை நம்ப வேண்டாம். கடைசியாகக் கட்டியதைக் கேட்டு வாங்குங்கள். பழுதுபார்ப்புக்கு 20,000: மோட்டார் காயில் எரிவது, செப்டிக் டேங்க் லாரி, ஐப்பசி மழையில் சுவர் ஊறிப் பெயின்ட் உரிவது என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். புதிதாகக் குடிவைக்கத் தரகருக்கு 8,000. எல்லாம் 52,000. மிச்சம் 1,40,000.

இதை 48 லட்சத்தால் வகுத்தால் 2.9 சதவீதம். இதுதான் நெட் யீல்டு, அதாவது கைக்கு வரும் விகிதம். சித்தப்பாவின் பங்கு மூன்றில் ஒன்று, ஆண்டுக்கு 46,667 ரூபாய். மாதக் கணக்கில் 3,900-க்குக் கொஞ்சம் கீழே. அவர் மனதில் இருப்பது ஆறாயிரம். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இருந்தும் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் காணாமல் போன மாதிரி அவருக்குத் தோன்றும்.

வருமான வரி இன்னும் கழிக்கவில்லை. வாங்கிய வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைச் சட்டம் நேரடியாக விட்டுக்கொடுக்கிறது. நீங்கள் பழுதுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்பதில்லை. நம் வீட்டில் வாங்கிய வாடகை 1,76,000, சொத்து வரி போக 1,68,000, அதில் 30 சதவீதம் போக 1,17,600. பத்திரத்தில் பங்கு தெளிவாக எழுதியிருந்தால் இதில் 39,200 மட்டும் சித்தப்பா வருமானத்தில் சேரும். அவருக்கு வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் வரி வராமலே போகலாம். அதை அவருடைய ஆடிட்டர் சொல்லட்டும், நாம் வரிக்கு முந்தைய எண்ணை மட்டும் சொல்வோம்.

இப்போது பார்த்தது சாதாரண வருடம். சொந்தக்காரரிடம் பேசும்போது ஒரு மோசமான வருடத்தையும் சேர்த்துப் போட்டுக் காட்டுவதுதான் நேர்மை. மேல் போர்ஷன் நான்கு மாதம் காலி, கீழே ஒரு மாதம் காலி, செப்டிக் டேங்கைத் தோண்டிக் கட்ட வேண்டியதாகிப் பழுதுச் செலவு 60,000 என்று வையுங்கள். வரியும் தரகும் பழையபடி. மிச்சம் 79,000. சித்தப்பாவுக்கு 26,000 சொச்சம், மாதம் 2,200. எல்லாம் கூடிவந்த வருடத்தில், ஒரு நாளும் காலியில்லாமல், புதிதாகத் தரகும் கொடுக்காமல், 10,000-க்குள் பழுது முடிந்தால், அவர் பங்கு 58,000 வரைகூடப் போகும். அதாவது இதே வீடு 1.6 சதவீதமும் தரும், 3.6 சதவீதமும் தரும். தரகர் சொன்ன எண்களில் வந்த 4.57 எந்த வருடத்திலும் வராது.

வாடகை ஒரு பக்கம், மனை விலை ஏறுவது இன்னொரு பக்கம். இரண்டையும் கூட்டி ஒரே சதவீதமாகச் சொல்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. "வாடகை நாலு, இடம் வருஷத்துக்குப் பத்து ஏறும், ஆக பதினாலு பர்சென்ட்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இப்போது தரகர்கள் 2028 மகாமகத்தைக் காட்டி விலை சொல்கிறார்கள். 2016-இலும் மகாமகம் வந்தது, போனது. திருவிழாவுக்காகச் சாலை அகலமாகலாம், ஆனால் வாடகை கொடுக்கும் குடும்பம் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கப்போவதில்லை. நம் வீட்டில் 42-க்கு வாங்கி 48 லட்சம் போட்டிருக்கிறோம். போட்ட முதல் திரும்பவே விலை 14 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால்கூட அதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும். அதற்குள் விற்க நேர்ந்தால் போட்ட பணத்தில் நஷ்டம். இதைச் சித்தப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பேத்தி கல்யாணம் எந்த வருடம் என்று அவருக்குத்தான் தெரியும்.

டெல்டாவில் கிராஸ் யீல்டு அளவுக்கு மீறி நன்றாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அதே ஊரில், 18 லட்சத்துக்கு ஒரு வீடு, வாடகை 12,000. கணக்குப் போட்டால் 8 சதவீதம். முதல் வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது, மனை யாருடையது? கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் கோயில் இடத்திலும் மடத்து இடத்திலும் நிற்கும் வீடுகள் ஏராளம். அங்கே கைமாறுவது கட்டடம் மட்டும். மனைக்கு வாடகைதாரராக நாம் கோயிலுக்குத் தரை வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வாடகை அவ்வப்போது திருத்தப்படும், பெயர் மாற்றத்துக்கு நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும், வங்கிக் கடன் கிடைப்பது கடினம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இடத்தின் விலை ஏறினால் அது நம்முடையதல்ல, நம்மிடம் இருக்கும் கட்டடமோ வருடாவருடம் தேய்கிறது. இன்னும் 30 வருடம் நிற்கும் என்று வைத்தால் 18 லட்சத்தில் ஆண்டுக்கு 60,000 கரைகிறது. வாடகை 1,44,000-இல் அதைக் கழித்தால் 84,000, அதாவது 4.7 சதவீதம். தரை வாடகை, பழுது, காலி மாதம் எல்லாம் அதற்குப் பிறகு. எட்டு என்று தெரிந்தது எட்டே இல்லை. இதைக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை: மூலப் பத்திரத்தில் "மேற்கட்டுமானம்" என்று மட்டும் எழுதியிருக்கும், நகர நில அளவைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் கோயிலாகவோ மடமாகவோ இருக்கும். `eservices.tn.gov.in` தளத்தில் நில ஆவணத்தையும், `tnreginet.gov.in` தளத்தில் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் பங்காளியிடம் "எட்டு பர்சென்ட்" என்று சொல்வது தவறு.

ஒத்திக்கு விடுவதிலும் இதே குழப்பம் வரும். மேல் போர்ஷனை மூன்று வருடத்துக்கு 5 லட்சம் ஒத்திக்குக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். வாடகை கிடையாது, மூன்று வருடம் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "அஞ்சு லட்சம் வந்துருச்சு சித்தப்பா, உங்க பங்கு ஒண்ணே முக்கால் கிட்ட" என்று பிரித்துக் கொடுத்தால் அது வருமானமே இல்லை, கடனைப் பங்கு போட்டது. அந்தப் போர்ஷனின் வாடகை ஆண்டுக்கு 84,000. அதை விட்டுக்கொடுத்து 5 லட்சம் வாங்கினால், அந்தப் பணத்துக்கு நாம் கொடுக்கும் வட்டி 16.8 சதவீதம். அதே 5 லட்சத்தை 6.5 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருவது 32,500. அவசரக் கடனை அடைக்க வேண்டிய நிலையில் ஒத்தி உதவும். மற்றபடி, ஒத்தியில் விட்ட வீட்டின் யீல்டைக் கேட்டால் டெபாசிட் வட்டியைத்தான் வாடகை இடத்தில் போட வேண்டும், ஒத்தித் தொகையை அல்ல.

இனி சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது? சதவீதத்தில் தொடங்காமல் ரூபாயில் தொடங்கலாம். அதுவும் அவர் பங்குக்கு வரும் ரூபாய். மாதக் கணக்கைவிட வருடக் கணக்கு நல்லது, ஏனென்றால் மாதம் நாலாயிரம் என்று சொன்னவுடன் அது வட்டி மாதிரி ஒன்றாம் தேதி எதிர்பார்க்கும் பணமாகிவிடும். பங்கு என்று வந்தவர் கடன் கொடுத்தவராக மாறுவது அந்தச் சொல்லில்தான். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், பின்னால் எடுத்துப் பார்க்க எழுத்தில் ஒன்று இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியே போதும். இப்படி:

"சித்தப்பா, தாராசுரம் வீட்டுக்குப் பதிவு, ரிப்பேர் எல்லாம் சேத்து 48 லட்சம் ஆகுது. உங்க 16 லட்சம் மூணுல ஒரு பங்கு, பத்திரத்துல உங்க பேரும் பங்கும் இருக்கும். சாதாரணமா செலவு போக வருஷத்துக்கு உங்களுக்கு 46,000 கிட்ட வரலாம். வீடு காலியா கெடந்து பெரிய ரிப்பேரும் வந்தா 26,000-த்தோட நின்னுடும். நல்லா அமைஞ்சா 58,000. இதுல எதுவும் உறுதி கெடையாது. வருஷத்துல ரெண்டு தடவை, சித்திரையிலயும் ஐப்பசியிலயும், கணக்கு எழுதிக் காட்டிட்டு உங்க அக்கவுண்ட்ல போட்டுடுறேன். இடம் வெல ஏறுறத நான் கணக்குல சேக்கல. மூணு வருஷத்துக்குள்ள விக்க வேண்டி வந்தா போட்ட பணமே கொறையலாம். இதே பணத்த பேங்க்ல ஆறரைக்குப் போட்டா வருஷம் 1,04,000 வட்டி வரும். அதவிட இது கம்மிதான். யோசிச்சுச் சொல்லுங்க."

கடைசி வரி பலருக்குக் கசக்கும். பணம் போட வந்தவரை நாமே திருப்பி அனுப்புகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஒப்பீட்டை நாம் சொல்லாவிட்டால் வங்கியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அடுத்த பொங்கலுக்குச் சொல்வார். சித்தப்பாவுக்கு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் இந்த வீடு அவருக்கானது இல்லை. பேரன் காலத்துக்கு ஊரில் ஒரு மனையும் கட்டடமும் இருக்கட்டும் என்று நினைத்தால், 2.9 சதவீதத்தை அவரே ஏற்றுக்கொள்வார். எது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். அதற்கு 58,000 மட்டும் தெரிந்தால் போதாது, 26,000-மும் தெரிய வேண்டும்.

பணம் கைமாறும் முன் பேசித் தீர்க்க இன்னும் சில இருக்கின்றன. ரசீது எழுதி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காலி வீட்டுக்கு ஆள் பார்ப்பது அண்ணன் மகன். அதற்கு அவன் ஏதாவது எடுத்துக்கொள்வானா? வாடகையில் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,600; மேலே போட்ட கணக்கில் அது இல்லை. எடுக்கப்போகிறான் என்றால் இப்போதே சேர்த்து எண்ணைத் திருத்திச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதிவிடலாம், ஐந்து வருடம் கழித்து "நான்தானே அலைஞ்சேன்" என்று வரக்கூடாது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பழுது என்றால் இருவரும் பேசிவிட்டுச் செய்வது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் சண்டை பாதியாகக் குறையும்.

ஒருவர் விலக நினைத்தால் என்ன செய்வது என்பதும் இதோடு சேர்ந்தது. மற்றவர் வாங்கிக்கொள்ள முதல் உரிமை, எந்த விலைக்கு என்றால் ஊரில் இரண்டு பேரைக் கேட்டு வரும் சராசரிக்கு, பணம் கொடுக்க ஆறு மாத அவகாசம் என்று சாதாரணமாக எழுதிக்கொள்ளலாம். அப்போதும் ஒரு பத்திரச் செலவு உண்டு. குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் போட்டால் தீர்வை குறைவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை எல்லா உறவுக்கும் பொருந்தாது. சித்தப்பாவும் அண்ணன் மகனும் அதில் வருவார்களா என்பதை வீடு வாங்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையை யார் ஏற்பது என்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.